நாற்பதுக்கு நாற்பது! பந்தை யார் வாங்குவது?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. குனோங் ராபாட்டில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெய்த மழை விட்டு, சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வெயில் மஞ்சளாய் அடித்துக்கொண்டிருந்தது. "வாங்க அண்ணே, பக்கத்துல பையன்கள் டென்னிஸ் ஆடுறாங்க, பார்த்துட்டு வரலாம்" என்று அழைத்தார்கள். டென்னிஸ் என்றதும் கால் தானாக எழுந்தது. தோட்டத்தில் சிறு பையனாக இருந்தபோது, துரை வீட்டுக் கோர்ட்டில் பந்து பொறுக்கியவன் நான். அந்தக் காலத்தில் நமக்கு உள்ளே போய் மட்டையைப் பிடிக்கும் பாக்கியம் இல்லை. கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி. இன்று பார்த்தால், பால்மரம் வெட்டியவர்களின் பேரப் பிள்ளைகள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அதே ஆட்டத்தை ஆடுகிறார்கள்.

மணிக்கணக்கில் வாடகை என்றேனே, வாசகர்களே, இந்தக் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு எடுத்த கோர்ட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும். வேலிக்கு வெளியே அடுத்த நால்வர் மட்டையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் அன்று ஆடியவர்கள், ஆட்டத்தைச் சுருக்கும் இரண்டு விதிகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒன்று 'நோ-அட்'. மற்றது 'மேட்ச் டைபிரேக்'. இரண்டும் உலக டென்னிஸ் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில், விரும்பினால் கைக்கொள்ளலாம் என்று அச்சிடப்பட்டிருக்கும் முறைகள்தாம். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் இந்த இரண்டும் வரும்போது, பந்தை வாங்கும் ஜோடிக்கு ஒரு உரிமை வந்து சேருகிறது. அந்த உரிமை எது வரைக்கும் போகும், எங்கே நின்றுவிடும் என்பதில்தான் அன்று கோர்ட்டில் சின்னச் சண்டையே வந்துவிட்டது.

ஆடியவர்கள் நால்வர். ஒரு பக்கம் தாய்மாமனும் மருமகனும். எதிர்ப்பக்கம் அண்ணன் தம்பி இருவர். நால்வரும் வலதுகைக்காரர்கள். வலையைப் பார்த்து நிற்கும்போது மாமா வலப்பக்கம், மருமகன் இடப்பக்கம். முதல் செட் அண்ணன் தம்பிக்கு, 6-3. இரண்டாவது செட்டில் மாமனும் மருமகனும் 5-4 முன்னணி. தம்பி சர்வ் போடுகிறான். புள்ளி நாற்பதுக்கு நாற்பது.

பழைய முறையில் இதை டியூஸ் என்போம். அதற்கு மேல் யாராவது தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும். ஒன்று எடுத்தால் அட்வான்டேஜ். அடுத்ததை விட்டால் மறுபடி டியூஸ். இப்படி ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கலாம். நோ-அட் முறையில் ஊஞ்சல் கிடையாது. நாற்பதுக்கு நாற்பது வந்தால் இன்னும் ஒரே ஒரு புள்ளி. அதை எடுத்தவருக்கு அந்த ஆட்டம்.

இதில் சர்வ் போடுபவருக்கு நட்டம் உண்டு. ஒரு கணக்குப் பாருங்கள். சர்வ் போடும் ஜோடி, பத்துப் புள்ளியில் ஆறை எடுக்கும் திறமை உள்ளது என்று வைத்துக்கொள்வோம். டியூஸ் வந்த பிறகு பழைய முறையில் அவர்கள் நூற்றுக்கு 69 தடவை தப்பித்து ஆட்டத்தை எடுத்துவிடுவார்கள். ஒரே புள்ளி என்றால் நூற்றுக்கு 60 தடவைதான். அதே திறமையில், நூறு ஆட்டத்தில் சுமார் 28 ஆட்டம் டியூஸுக்கு வரும். பழைய முறைப்படி அவை ஒவ்வொன்றுக்கும் சராசரியாக நாலு புள்ளி கூடுதலாக ஆட வேண்டியிருக்கும்; இங்கே ஒன்றோடு சரி. நேரம் மிச்சமாவது அந்த வழியில்தான்.

வலப்பக்கமா, இடப்பக்கமா? அந்தக் கடைசிப் புள்ளியை எங்கே போட வேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை பந்தை வாங்கும் ஜோடிக்கே உரியது. சர்வ் போடுபவர் கேட்க வேண்டும்; வாங்குபவர்கள் சொல்ல வேண்டும். சொன்ன பக்கத்துக்குத்தான் சர்வ்.

தம்பி கேட்டான், "எந்தப் பக்கம்?"

மாமா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இடப்பக்கம்" என்றார். சொல்லிவிட்டு, விறுவிறுவென்று நடந்து மருமகன் நின்ற இடத்துக்கு வந்து, "நீ அங்க போ மாப்ள, இத நான் வாங்குறேன்" என்றார்.

எதிர்ப்பக்கத்து அண்ணன் வலைக்குப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கிவிட்டார். "மாமா, அது ஆகாது. பக்கத்தை நீங்க சொல்லலாம். ஆளை மாத்தக் கூடாது."

மாமாவுக்குக் கோபம். "பக்கம் எங்க இஷ்டம்னா, யார் வாங்குறதுன்னும் எங்க இஷ்டம்தானே?" என்றார். வேலிக்கு வெளியே நின்றவர்களும் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள்.

நியாயம் அண்ணன் பக்கம்தான். விதி தெளிவாக இருக்கிறது: முடிவுப் புள்ளிக்காக வாங்கும் ஜோடி தங்களுக்குள் இடம் மாறக் கூடாது. செட் தொடங்கியபோது வலப்பக்கம் வாங்கியவர் அந்தச் செட் முடியும்வரை வலப்பக்கத்துக்குத்தான் சொந்தம். ஆகவே, பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று பொருள். வலப்பக்கம் என்று சொன்னால் மாமா வாங்க வேண்டும். இடப்பக்கம் என்று சொன்னால் மருமகன் வாங்க வேண்டும். நல்ல ஆளையும் நல்ல பக்கத்தையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. இந்த ஒரு தடை இல்லாவிட்டால் வாங்கும் ஜோடிக்கு அளவுக்கு மீறிய சலுகையாகிவிடும் என்பது என் எண்ணம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையராக இருந்தால் இந்தத் தேர்வுகூட இல்லை. ஆண் சர்வ் போட்டால் எதிர்ப்பக்கத்து ஆண் வாங்க வேண்டும்; பெண் போட்டால் பெண் வாங்க வேண்டும். அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறாரோ அங்கேயே சர்வ். கணவன் மனைவி ஜோடியாக ஆடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு வரும் வாக்குவாதத்தில் பாதி குறையும்.

மாமா முணுமுணுத்துக்கொண்டே தம் இடத்துக்குத் திரும்பினார். இப்போது அவர் முன்னால் உண்மையான கேள்வி. தாமே வலப்பக்கம் வாங்குவதா, மருமகனை நம்பி இடப்பக்கத்தைச் சொல்வதா?

பெரும்பாலோர் இங்கே ஒரே வழியைத்தான் அறிவார்கள். 'நம்மில் கெட்டிக்காரர் யார்? அவர் வாங்கட்டும்' என்பார்கள். மாமா அந்த ஜோடியில் கெட்டிக்காரர்; சந்தேகமில்லை. ஆனால் நாற்பதுக்கு நாற்பது வருவதற்குள் ஆறு புள்ளிகள் ஆடப்பட்டிருக்கும். மூன்று வலப்பக்கம், மூன்று இடப்பக்கம். இது எப்போதும் மாறாது. அந்த ஆறும் ஒரு சாட்சிப் பத்திரம் மாதிரி. அதைப் படிக்காமல் பதில் சொல்லக் கூடாது.

அன்றைய ஆட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் புள்ளி வலப்பக்கம். தம்பியின் சர்வ் நடுக்கோட்டை ஒட்டி மாமாவின் இடக்கைப் பக்கம் வந்தது; அவர் அடித்த பந்து வலையில். இரண்டாவது, இடப்பக்கம். தம்பி இரண்டு சர்வையும் தவறவிட்டான். மூன்றாவது, மீண்டும் மாமா. நன்றாகத்தான் திருப்பினார், ஆனால் வலையருகே நின்ற அண்ணன் குறுக்கே பாய்ந்து தட்டிவிட்டார். நான்காவது, மருமகன். முதல் சர்வ் தவறு. இரண்டாவது மெதுவாக வந்தது. அவசரப்பட்டுக் கோட்டுக்கு வெளியே அடித்தான். ஐந்தாவது, மாமா அண்ணன் தலைக்கு மேல் தூக்கி அடித்துப் புள்ளி எடுத்தார். ஆறாவது, மருமகனுக்கு மறுபடியும் முதல் சர்வ் தவறு, இரண்டாவது மெது சர்வ். இம்முறை தம்பியின் காலடியில் திருப்பிப் புள்ளி எடுத்தான்.

மாமாவுக்கு மூன்றில் ஒன்று, மருமகனுக்கு மூன்றில் இரண்டு. இந்த எண்ணிக்கை மட்டும் பெரிதல்ல; அதில் ஒன்று எதிரி இனாமாகக் கொடுத்தது. கவனிக்க வேண்டியது வேறு. வலப்பக்கம் தம்பியின் முதல் சர்வ் மூன்று முறையும் உள்ளே விழுந்தது. இடப்பக்கம் மூன்று முறையும் தவறியது. வலப்பக்கக் கட்டத்துக்கு நடுவில் போடும்போது, பந்து வலையின் தாழ்ந்த இடத்துக்கு மேலே போகிறது. வலை நடுவில் மூன்று அடி உயரம்; கம்பத்தருகே மூன்றரை அடி. தம்பிக்கு அந்த வழி கை வந்த வழி. இடப்பக்கத்துக்குப் போடும்போது அவன் ஓரத்தையே குறிவைத்தான், பந்து உயர்ந்த வலையைத் தாண்ட வேண்டியிருந்தது, தாண்டவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். வலப்பக்கம் வாங்கும்போது, எதிரியின் கூட்டாளி தம் பாதிக் கோர்ட்டின் இடது பாகத்தில் வலையருகே நிற்கிறார். வலதுகைக்காரரான அவருக்கு நடுக்கோர்ட் வலக்கைப் பக்கம். குறுக்கே பாய்ந்தால் முன்கையால் அடித்து நொறுக்கிவிடுவார். மூன்றாவது புள்ளியில் நடந்தது அதுதான். இடப்பக்கம் வாங்கினால் அவர் மறுபாதிக்கு மாறிவிடுகிறார். அப்போது நடுக்கோர்ட் அவருக்கு இடக்கைப் பக்கமாகிவிடும். பின்கையால்தான் தட்ட வேண்டும். வார இறுதியில் ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பின்கை வாலி சரியாக வருகிறது? பந்து வாங்குபவரை மட்டும் எடைபோட்டுவிட்டு, வலையருகே நிற்கும் ஆளை மறந்துவிடுவதுதான் இந்தத் தேர்வில் அதிகம் நடக்கும் பிழை.

மாமா மருமகனைப் பார்த்தார். "மாப்ள, பந்து மெதுவாத்தான் வரும். அடிக்காத. திருப்பிப் போடு, போதும்" என்றார். பிறகு உரக்க, "இடப்பக்கம்!"

முதல் சர்வ் வலையில். இரண்டாவது மெதுவாக வந்தது. மருமகன் மட்டையைப் பெரிதாகச் சுழற்றாமல் குறுக்காகத் திருப்பினான். அண்ணன் பாய்ந்தார், பின்கையில் பட்ட பந்து ஓரக்கோட்டுக்கு வெளியே விழுந்தது. செட் 6-4. ஒரு செட்டுக்கு ஒரு செட்.

இனி மூன்றாவது செட். முழுச் செட் ஆட நேரமில்லை, விளக்கு போட்டாகிவிட்டது. அதற்குத்தான் மேட்ச் டைபிரேக். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஒரே ஓட்டமாக ஆடி, முதலில் பத்துப் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. இரண்டு புள்ளி வித்தியாசம் மட்டும் இருக்க வேண்டும்; 9-9 ஆனால் 11-9 வரை, தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகும்.

இந்தச் சுருக்க முறைகள் ஏதோ வாடகைக் கோர்ட்டுக்காகப் பிறந்தவை என்று நினைக்க வேண்டாம். 1969-ல் விம்பிள்டனில் கொன்சாலஸும் பசரெலும் ஆடிய ஒற்றையர் ஆட்டம் 112 ஆட்டங்கள் நீண்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகி, இரண்டு நாளில் முடிந்தது. அமெரிக்காவின் நியூபோர்ட்டைச் சேர்ந்த ஜிம்மி வான் ஆலன் என்பவர் வெகுநாளாக டைபிரேக் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1970-ல் அமெரிக்க ஓப்பன் அதை ஏற்றது. மறு வருடம் விம்பிள்டனும் ஒருவகை டைபிரேக்கைக் கொண்டுவந்தது. ஆண்கள் தொழில்முறைச் சுற்றின் இரட்டையர் ஆட்டங்களில் நோ-அட்டும் பத்துப் புள்ளி டைபிரேக்கும் 2006 முதல் நடைமுறை.

நம்மவர்கள் இந்த முறையிலேயே பட்டம் வென்றிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஏடிபி போட்டியின் இரட்டையர் இறுதியாட்டம். சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும், பிராண்ட்சன், யெபென்ஸ் என்ற ஜெர்மானிய ஜோடியை 4-6, 7-6, 10-7 என்று வென்றார்கள். முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டைபிரேக்கில் காப்பாற்றி, கடைசியில் அந்தப் பத்துப் புள்ளி ஓட்டத்தில் பிடித்தார்கள்.

அந்த 10-7 என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மொத்தம் 17 புள்ளி. முதல் புள்ளிக்கு ஒருவர் ஒரு சர்வ் மட்டும் போடுவார். அதன்பின் ஒவ்வொருவரும் இரண்டிரண்டாக, நால்வரும் முறை மாற்றிப் போடுவார்கள். எண்ணிப் பாருங்கள்: தொடங்கியவருக்கு ஒன்றாவது, எட்டு ஒன்பதாவது, பதினாறு பதினேழாவது சர்வ்கள். ஆக ஐந்து. மற்ற மூவருக்கும் நாலு நாலுதான். அதுவும் ஆட்டம் முடியும் நெருக்கடியான சர்வ்கள் தொடங்கியவர் கையில் வந்து விழுகின்றன. ஆகவே தொடங்கும் ஜோடி, தங்களில் யார் சர்வில் உறுதியானவரோ அவரை முதலில் நிறுத்துவது புத்திசாலித்தனம்.

நிறுத்தலாமா? இடம் மாறக் கூடாது என்று இப்போதுதானே சொன்னோம்? அந்தத் தடை செட்டுக்குள்தான். மேட்ச் டைபிரேக் ஒரு புதிய செட்டுக்குச் சமம். எந்த ஜோடி முதலில் சர்வ் போட வேண்டும் என்பது ஆட்டத்தின் முறைப்படி தொடரும். அதை மாற்ற முடியாது. ஆனால் ஜோடிக்குள் யார் முதலில் போடுவது, யார் எந்தப் பக்கம் வாங்குவது என்பதை இரண்டு ஜோடிகளும் புதிதாக முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது செட்டின் கடைசியில் வரும் ஏழு புள்ளி டைபிரேக்கில் இந்த உரிமை இல்லை. அது அதே செட்டைச் சேர்ந்தது. இரண்டுக்கும் டைபிரேக் என்றே பெயர் இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

மாமாவுக்கு இதை யாரோ வேலிக்கு வெளியிலிருந்து சொன்னார்கள். (அது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.) அண்ணனும் தலையாட்டினார். "இப்ப மாறிக்கலாம் மாமா, விதி இருக்கு" என்றார். நல்ல பிள்ளை.

உடனே மாமா இடப்பக்கம் வந்தார். மருமகன் வலப்பக்கம் போனான். முந்தின செட்டின் கடைசி ஆட்டத்தில் சர்வ் போட்டது அண்ணன் தம்பி. ஆகவே இப்போது தொடங்க வேண்டியது மாமன் மருமகன் ஜோடி. மாமாவே முதல் சர்வ் எடுத்தார். அண்ணன் தம்பி பக்கத்தில் தம்பி முதலில்.

டைபிரேக்கில் எந்தப் பக்கம் வாங்குவது என்ற தேர்வு ஒரு புள்ளிக்கும் கிடையாது. பூப்பந்து ஆடும் பிள்ளைகள் ஒற்றை இரட்டை பார்த்துப் பக்கம் நிற்கிறீர்கள் அல்லவா? இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பூப்பந்தில் சர்வ் போடுபவரின் புள்ளியைப் பார்க்கிறோம். இங்கே இரு தரப்பின் புள்ளியையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை இரட்டையானால் வலப்பக்கம், ஒற்றையானால் இடப்பக்கம். ஒவ்வொரு ஆறு புள்ளிக்கும் முனை மாற வேண்டும். வாய்விட்டுப் புள்ளியைச் சொல்லிக்கொண்டே ஆடினால் குழப்பம் வராது. அன்று நாலுக்கு மூன்றில் தம்பி தவறாக வலப்பக்கத்தில் போய் நின்றான். கூட்டுத்தொகை ஏழு என்று மருமகன் சொன்னதும் மாறிக்கொண்டான்... இல்லை, அங்கே நின்றது தம்பி அல்ல, மாமாதான். ஏழு புள்ளி முடிந்தால் எட்டாவது சர்வ் முதலில் தொடங்கியவருடையது அல்லவா!

இந்தக் கூட்டலில் இன்னொரு விளைவும் உண்டு. தொடக்கத்தில் போடும் அந்த ஒற்றைச் சர்வைத் தவிர, பிறகு வரும் ஒவ்வொரு முறையும் முதல் சர்வ் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். இடப்பக்கம் சர்வ் சரியாக வராத தம்பிக்கு, ஒவ்வொரு முறையும் அந்த வரவேற்புதான். எதிரே இப்போது நிற்பவர் மாமா.

ஆறு புள்ளியில் மூன்றுக்கு மூன்று. பன்னிரண்டில் ஆறுக்கு ஆறு. பிறகு எட்டுக்கு எட்டு. பதினேழாவது புள்ளியில் மாமாவின் சர்வ் நடுவில் விழுந்து, அண்ணன் அடித்தது வலையில். 9-8. கூட்டுத்தொகை பதினேழு, ஒற்றை. சர்வ் தம்பியுடையது, இடப்பக்கம். வேலிக்கு வெளியே இருந்த நால்வரும் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். முதல் சர்வ் நீளம். இரண்டாவது, வழக்கம்போல் மெதுவாக எழும்பி வந்தது. மாமா இரண்டடி முன்னால் வந்து, வலையருகே நின்ற அண்ணனுக்கும் ஓரக்கோட்டுக்கும் இடையே இருந்த சந்தில் நேராக அடித்தார்.

10-8. மணி ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அடுத்த நால்வர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். கோப்பிக்கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோதும் மாமா விடவில்லை. "அந்த ரெண்டாவது செட்லயே என்ன மாற விட்டிருந்தா..." என்று அண்ணனிடம் மறுபடியும் ஆரம்பித்தார்.